பள்ளிக் கணினி மன்றத்தில் 15 நிமிடப் பேச்சு: ஒளிப்படத்தை ஜேபெக்காகச் சேமிக்கும்போது தர அளவு 100 ஏன் எப்போதும் சிறந்ததல்ல? உங்கள் கருத்து தேவை

தறிநூல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியின் கணினி மன்றத்தில் வரும் வெள்ளிக்கிழமை 15 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பேச்சுக்குக் காரணமான சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஒளிப்படப் போட்டிக்கு மாணவி ஒருத்தி தன் பாட்டி பூக்கட்டும் படத்தை அனுப்பியிருந்தாள். தேர்வான படங்களை 12 அங்குல அகலத்தில் அச்சிடும் வேலை எங்களிடம் வந்தது. அவளுடைய கோப்பைத் திறந்தால் அகலம் 1700 பிக்சல்தான். அங்குலத்துக்கு 142 பிக்சல்கூட வராது. மல்லிகை மொட்டுகளெல்லாம் குழைந்து தெரிந்தன. அவளை அழைத்துக் கேட்டேன். கைபேசியில் எடுத்த மூலப்படம் 4000 × 3000 பிக்சல். போட்டியின் இணையதளம் 2 மெகாபைட்டுக்கு மேல் ஏற்கவில்லை. தர அளவை 100இல் வைத்துச் சேமித்தபோது கோப்பு 8 மெகாபைட் வந்திருக்கிறது. "தரத்தைக் குறைக்கக் கூடாதே" என்று எண்ணி, 100ஐ அப்படியே விட்டுவிட்டு, கோப்பு உள்ளே போகும் வரை படத்தின் அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அதே மூலப்படத்தை வாங்கி நான் 80இல் சேமித்துப் பார்த்தேன். 4000 பிக்சல் முழுதும் இருக்க, கோப்பு 1.8 மெகாபைட். அதை அச்சிட்டு இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, 100 இருக்கும்போது 80 ஏன் எடுக்கணும்னு நினைச்சேன்" என்றாள். அவள் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு 100 என்றால் நூற்றுக்கு நூறு. எந்த எண்ணைப் பார்த்தாலும் மதிப்பெண்ணாகவே படிக்கிறார்கள்.

இதைத்தான் பேசப்போகிறேன். அந்த எண் உள்ளே என்ன செய்கிறது என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எனக்கு அனுபவம் உண்டு. உள்ளிருக்கும் கணக்கு தெளிவாகத் தெரியாது. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

பவானிக்கரை எழுதியது:

நல்ல தலைப்பு அம்மா. என் மகனின் கணினியிலும் இதே கதைதான். விளையாட்டில் எல்லா வரைகலை அமைப்பையும் உச்சத்தில் வைத்துவிட்டு, "படம் விட்டுவிட்டு ஓடுகிறது, புது கணினி வேண்டும்" என்று ஒரு மாதம் சண்டை போட்டான். நிழலின் தரத்தை மட்டும் நடுநிலைக்குக் கொண்டுவந்தேன். சீராக ஓடத் தொடங்கிவிட்டது. நிழல் மாறியது அவன் கண்ணுக்கே தெரியவில்லை. விளையாட்டு என்றால் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள். அதையே பேசுங்களேன்.

---

தறிநூல் எழுதியது:

நன்றி ஐயா. விளையாட்டு அவர்களை ஈர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே உச்சத்துக்கு விலையாகப் போவது வேகம். அது உடனே கண்ணில் படுகிறது. அந்த மாணவிக்கோ எதை இழந்தோம் என்பதே தெரியவில்லை. அதனால் படத்தையே வைத்துக்கொள்கிறேன். பள்ளிக் கணினிகளில் விளையாட்டுகளும் கிடையாது.

---

மாலைவெயில் எழுதியது:

ஒரு கருத்து. 100இல் சேமித்தால் படத்தில் எதுவும் இழக்காது. 80 என்றால் 20 விழுக்காடு இழப்பு. அந்தப் பெண் நினைத்ததில் தவறில்லை, 2 மெகாபைட் வரம்புதான் அவளைக் கெடுத்தது. சேமிப்பகம் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் பிள்ளைகளிடம் "குறைத்துக்கொள்" என்று சொல்வது சரியா? வரம்பு இல்லாத இடத்தில் 100 வைப்பதே பாதுகாப்பு என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

---

கல்தச்சன் எழுதியது:

மாலைவெயில் சொன்னதில் ஒரு பாதி சரி. இழப்பு இருக்கிறது, எண் ஏற ஏற அது குறைகிறது. ஆனால் அந்த எண் விழுக்காடு அல்ல. 100இலும் இழப்பு உண்டு. ஜேபெக் கோப்புகளைப் பல ஆண்டுகளாக நிரல்களில் கையாண்டு வருகிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய அளவில் எழுதுகிறேன்.

ஜேபெக் உங்கள் படத்தை 8 பிக்சலுக்கு 8 பிக்சல் என்ற சிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 64 பிக்சல். அவற்றை அப்படியே எழுதிவைக்காமல், "இந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம் எவ்வளவு, பரந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு, நுண்ணிய சிற்றலை எவ்வளவு" என்று 64 அளவுகளாக மாற்றிக்கொள்கிறது. இதுவரை பெரிய இழப்பு இல்லை. அடுத்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கி எழுதுகிறது. இழப்பின் பெரும்பகுதி இங்கேதான். நாம் திருகும் தர எண் தீர்மானிப்பது அந்த வகுக்கும் எண்களைத்தான்.

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் libjpeg வழிவந்த நிரல்களில், தரம் 50க்கு ஓர் அடிப்படை அட்டவணை இருக்கிறது. அதில் சராசரி வெளிச்சத்துக்கான வகுக்கும் எண் 16, மிக நுண்ணிய சிற்றலைக்கு 99. 50க்கு மேல் போனால் அட்டவணை இப்படிச் சுருங்கும், q என்பது நாம் வைக்கும் தர எண்:

```
S = 200 - 2*q
புதிய எண் = (பழைய எண் * S + 50) / 100
```

பின்னத்தை விட்டுவிடுங்கள். விடை 1க்குக் கீழே போனால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையே கரும்பலகையில் போடச் சொல்லலாம். தரம் 75இல் அந்த இரண்டு எண்களும் 8, 50 ஆகின்றன. 90இல் 3, 20. 95இல் 2, 10. 100இல் இரண்டுமே 1.

இப்போது கடைசி நிலையைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் அந்த மிக நுண்ணிய சிற்றலையின் அளவு 4 என்று வைத்துக்கொள்வோம். 75இல் அதை 50ஆல் வகுத்தால் சுழி. 90இலும் சுழி, 95இலும் சுழி. 100இல் மட்டும் 4 என்று பதிவாகிறது. சுழிகள் வரிசையாக வந்தால் ஜேபெக் அவற்றைச் சேர்த்து மிகச் சிறிய இடத்தில் எழுதிவிடும். 100இல் அந்தச் சுழிகள் பெரும்பாலும் மறைந்து, ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கேட்கின்றன. கோப்பு திடீரென்று வீங்குவது இதனால்தான்.

அந்த 4 எங்கிருந்து வந்தது? கைபேசி ஒளிப்படத்தில் அது பெரும்பாலும் பாட்டியுமல்ல, மல்லிகையுமல்ல. ஒளியுணரியின் இரைச்சல், நிழல் பகுதியைப் பெரிதாக்கினால் மணல் தூவியதுபோலத் தெரியுமே, அது. உருளைக்கிழங்கை நகைக்கடைத் தராசில் நிறுத்தால் மில்லிகிராம் வரைக்கும் எடை வரும். ஆனால் அந்தக் கடைசி இலக்கங்கள் கிழங்கின் மேல் ஒட்டிய மண்ணின் எடை.

libjpeg உடன் வரும், படத்தை ஜேபெக்காக மாற்றும் cjpeg நிரலின் கையேட்டிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: 95க்கு மேல் வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை, கோப்பு மிகப் பெரிதாகும், படம் தேறுவது மிகக் குறைவு, 100 பெரும்பாலும் சோதனைகளுக்குரியது என்று. நிரலை எழுதியவர்களே சொல்வது இது.

---

தறிநூல் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. உருளைக்கிழங்கு உவமையை எடுத்துக்கொள்கிறேன். இன்று காலை அந்த மாணவியின் படத்தை வைத்தே செய்து பார்த்தேன். மூலத்தை ஒருமுறை விரித்து, அதிலிருந்து ஒவ்வொரு தரத்திலும் சேமித்தேன்:

```
djpeg -bmp -outfile poo.bmp poo.jpg
for q in 50 75 80 85 90 95 100; do
  cjpeg -quality $q -outfile q$q.jpg poo.bmp
done
ls -l q*.jpg
```

75இல் 1.5 மெகாபைட், 85இல் 2.2, 90இல் 2.9, 95இல் 4.4, 100இல் 8.1. வேறு படத்துக்கு வேறு எண்கள் வரும் என்று தெரியும். ஆனால் 90லிருந்து 100 வரையான பத்துப் படிகள், 50லிருந்து 90 வரையான நாற்பது படிகளைவிட அதிக இடத்தைத் தின்றிருக்கின்றன. இதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் கண்டேன். 8.1 மெகாபைட் கோப்பு, கைபேசி கொடுத்த மூலக் கோப்பைவிடப் பெரியது! மூலத்தில் இல்லாத எது இதில் சேர்ந்துவிட்டது?

---

கல்தச்சன் எழுதியது:

எதுவும் சேரவில்லை. கைபேசி ஏற்கனவே ஒருமுறை வகுத்து முழு எண்ணாக்கித்தான் அந்தக் கோப்பைக் கொடுத்தது. ஓர் அளவு 37 என்றிருந்து, 8ஆல் வகுபட்டு 5 என்று எழுதப்பட்டால், திறக்கும்போது 40 ஆகத் திரும்பும். நீங்கள் 100இல் சேமிக்கும்போது, அந்த 40ஐ மிகத் துல்லியமாக 40 என்று எழுதிவைக்கிறீர்கள். 37 திரும்பி வராது. இழந்ததை மீட்காமல், இழப்பு நேர்ந்த படத்தை அதிக இடம் கொடுத்துப் பாதுகாக்கிறோம்.

ImageMagick இருந்தால் ஒரு கோப்பு எந்தத் தரத்தில் சேமிக்கப்பட்டது என்று மதிப்பிட்டுச் சொல்லும். கடைசியாகச் சேமித்தபோது இருந்த அட்டவணையை வைத்துத்தான் அது சொல்கிறது. 50இல் சேமித்துக் கெட்ட படத்தை மறுபடி 100இல் சேமித்துவிட்டுக் கேட்டால் 100 என்றே சொல்லும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்:

```
identify -format "%Q\n" poo.jpg
```

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

தறிநூல் அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் பழைய குடும்பப் படங்களையும் கையெழுத்துப் படிகளையும் வருடிச் சேமிக்கும் வேலையில் இருக்கிறேன். "உச்சம் வேண்டாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் மூலப்படத்தையும் 80இல் சேமித்துவிட்டு மூலத்தை அழித்துவிடுவார்கள். எங்களிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் இப்படி யாரோ "இடம் மிச்சப்படுத்திய" படங்கள்தான், வயிறு எரிகிறது. நாளை யார் அந்தப் படத்தில் எதைத் தேடுவார்கள் என்று இன்று தெரியாது. காப்பகப் பிரதிக்கு நாங்கள் ஜேபெக்கே பயன்படுத்துவதில்லை, இழப்பில்லாத டிஃப்தான்.

---

தறிநூல் எழுதியது:

ஐயா, இதைக் கட்டாயம் சொல்வேன். கைபேசி தந்த கோப்பைத் தொடக்கூடாது. அனுப்ப வேண்டியதை அதிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும். அந்த மாணவியிடம் மூலம் இருந்ததால்தான் நான் மறுபடி அச்சிட முடிந்தது. அவள் அதை அழித்திருந்தால் 1700 பிக்சல் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

---

மாலைவெயில் எழுதியது:

கல்தச்சன் ஐயா, விழுக்காடு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆனால் 100இல் எல்லா வகுக்கும் எண்களும் 1 என்றால் பிறகு எங்கே இழப்பு? 1ஆல் வகுத்தால் அதே எண்தானே?

---

கல்தச்சன் எழுதியது:

நல்ல கேள்வி. அலை அளவுகளாக மாற்றும்போதே பின்னங்கள் வரும். 1ஆல் வகுத்தாலும் அவற்றை முழு எண்ணாக்கியாக வேண்டும். அது சிறு இழப்பு, கண்ணுக்குத் தெரியாது. பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது, தர எண்ணுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

cjpeg இயல்பாகவே வெளிச்சத்தை முழு அளவிலும், நிறத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்றும் வைத்துக்கொள்கிறது. 4000 × 3000 படத்தில் நிறம் 2000 × 1500 மட்டுமே. நம் கண் வெளிச்ச மாற்றத்தை நுணுக்கமாகவும் நிற மாற்றத்தைச் சற்று மொத்தமாகவும் பார்ப்பதால், பெரும்பாலான படங்களில் இது தெரியாது. கறுப்புத் துணியில் சிவப்பு எழுத்து, நீலத்தின் மேல் சிவப்புக் கரை போன்ற இடங்களில் விளிம்பு கசியும். நீங்கள் 100 வைத்தாலும் கசியும்.

தறிநூல் அம்மா, பேச்சில் காட்ட இதுதான் மிக நல்ல சோதனை என்று எனக்குப் படுகிறது. சிவப்பு எழுத்துள்ள ஒரு பதாகையைக் கணினியிலேயே வடிவமைத்து, bmp கோப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு விதமாகச் சேமியுங்கள்:

```
cjpeg -quality 100 -outfile a.jpg padhaagai.bmp
cjpeg -quality 85 -sample 1x1 -outfile b.jpg padhaagai.bmp
```

இரண்டாவதில் நிறமும் முழு அளவில் இருக்கும். எழுத்தின் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், 85இல் சேமித்தது 100இல் சேமித்ததைவிடத் தெளிவாக இருக்கும். கோப்பும் சிறியது. சில நிரல்கள் தர எண் 90ஐத் தாண்டினால் தாமாகவே நிறத்தை முழு அளவுக்கு மாற்றிவிடும். அப்போது பயனர் "90க்கு மேல் போனால்தான் தெளிவு" என்று முடிவு கட்டிவிடுகிறார். தெளிவு வந்தது வேறொரு திருகால்.

---

வகுப்பறைச் சன்னல் எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் கணினி ஆசிரியை. வகுப்பில் இதைச் செய்யும்போது ஏற்பட்ட சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். கோப்பின் பெயரைப் பார்த்துவிட்டால் பிள்ளைகளின் கண் மாறிவிடும். `q100` என்று எழுதியிருந்தால் அதுதான் அழகு என்பார்கள். நான் ஒருமுறை பெயர்களை மாற்றி வைத்து, அதே கோப்பின் இரண்டு பிரதிகளைக் காட்டினேன். "இதுதான் நூறு" என்று பாதி வகுப்பு உறுதியாகச் சொன்னது. எனவே பெயர்களை க, ங, ச என்று மாற்றி, எது எது என்று நீங்கள் தாளில் குறித்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் தாங்களாகவே வரிசைப்படுத்தட்டும். பிறகு தாளைத் திறக்கலாம்.

ஒளிவீழ்த்தியில் காட்டாதீர்கள். எங்கள் பள்ளியில் உள்ளது அவ்வளவு மங்கல், 50க்கும் 100க்கும் வேறுபாடே தெரியாது. "எல்லாம் ஒன்றுதான்" என்ற தவறான பாடம் போய்விடும். கணினித் திரைக்கு முன் நான்கு நான்கு பேராக நிறுத்துங்கள். வானம் உள்ள படம் ஒன்றும் வேண்டும். 50இல் நீல வானம் படிப்படியாக, கட்டம் கட்டமாகத் தெரியும். குறைத்தால் என்ன கெடும் என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் கடைசியில் "அப்படியானால் எத்தனை வைக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். நான் 85 என்று சொல்லிவிடுவேன். ஏதாவது ஓர் எண் கையில் இருக்க வேண்டும் அவர்களுக்கு.

---

கல்தச்சன் எழுதியது:

எண் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மென்பொருளில் அளவு 0 முதல் 12 வரை. மற்றொன்றில் 100 வரை. ஒரே 85 என்று போட்டாலும் இரண்டு மென்பொருள்கள் வெவ்வேறு அட்டவணைகளைப் பயன்படுத்தலாம். 85 என்று மனப்பாடம் செய்தவர் 100 என்று மனப்பாடம் செய்தவரிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்?

---

வகுப்பறைச் சன்னல் எழுதியது:

ஐயா, நாற்பது பிள்ளைகள், பதினைந்து நிமிடம். நாளை போட்டிக்குப் படம் அனுப்பப்போகும் பெண் அட்டவணையை நினைவில் வைத்திருக்கமாட்டாள். 85இல் தொடங்கு, கண்ணால் பார், வரம்புக்குள் வரவில்லையென்றால் இறங்கு என்பதே என் வழி. நாம் இருவரும் இதில் ஒத்துப்போகப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

---

பவானிக்கரை எழுதியது:

என் மகனும் இந்த இழையைப் படித்தான். அவன் விளையாட்டின் திரைப்பிடிப்புகளைப் பிஎன்ஜியில் சேமிக்கிறானாம். அதிலும் 0 முதல் 9 வரை ஓர் அளவு இருக்கிறதாம். அதையும் குறைக்க வேண்டுமா என்று கேட்கிறான்.

---

கல்தச்சன் எழுதியது:

தம்பியிடம் சொல்லுங்கள்: பிஎன்ஜியில் 9 வைத்தாலும் 1 வைத்தாலும் படம் பிக்சலுக்குப் பிக்சல் அதேதான். அந்த எண் எவ்வளவு நேரம் முயன்று சுருக்குவது என்பதை மட்டுமே மாற்றுகிறது. 9 என்றால் சேமிக்கக் கூடுதல் நேரம், கோப்பு சற்றுச் சிறிது. ஓரிரு படங்களுக்கு 9 வைத்துக்கொள்ளட்டும், எந்த நட்டமும் இல்லை. ஜேபெக்கில் உச்சம் கோப்பை வீங்கவைக்கிறது. பிஎன்ஜியில் உச்சம் கோப்பைச் சுருக்குகிறது. ஒவ்வொரு திருகையும் தொடும்முன் அது எதை மாற்றுகிறது என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

---

தறிநூல் எழுதியது:

வெள்ளிக்கிழமை பேசிவிட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி.

பாட்டியின் இரண்டு அச்சுப் பிரதிகளை முதலில் கையில் கொடுத்துவிட்டேன், எதுவும் சொல்லவில்லை. பிறகு அந்த மாணவியே எழுந்து, அகலத்தைக் குறைத்த கதையைச் சொன்னாள். கரும்பலகையில் 16, 99 என்று எழுதி 75, 90, 95, 100க்குக் கணக்குப் போட்டோம். கடைசியில் இரண்டும் 1 என்று வந்ததும் ஒரு பையன், "அப்போ மண்ணையும் சேர்த்து எடை போடுது" என்றான். உருளைக்கிழங்கை நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

பெயர் மறைத்த சோதனையில் 50ஐ எல்லோரும் வானத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். 85, 95, 100 மூன்றையும் சரியாக வரிசைப்படுத்திய குழு ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பதாகையில் a, b என்ற இரண்டையும் அருகருகே வைத்து, b தான் 85 என்று தாளைத் திறந்ததும் நம்ப மறுத்தார்கள். கட்டளையை அவர்களே தட்டச்சு செய்து மறுபடி பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். எண் கேட்டார்கள். நான் சொல்லவில்லை, ஆனால் ஆசிரியை 85 என்று பலகையில் எழுதிவிட்டார்.

நேரம் முடிந்தபின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டதற்கு எனக்கு விடை தெரியவில்லை. 75இல் சேமித்த படத்தைத் திறந்து, ஒன்றும் மாற்றாமல் மறுபடி 75இல் சேமித்தால், ஒவ்வொரு முறையும் கெட்டுக்கொண்டே போகுமா?

---

கல்தச்சன் எழுதியது:

அருமையான கேள்வி. அதே நிரல், அதே அட்டவணை, படத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் 40ஐ மறுபடி 8ஆல் வகுத்தால் அதே 5தான். முதல் சில முறை சிறு மாற்றங்கள் இருக்கும், பிறகு ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் மேலிருந்தோ இடமிருந்தோ 3 பிக்சல் வெட்டிவிட்டுச் சேமித்தால், 8க்கு 8 கட்டங்கள் வேறிடத்தில் விழும். 64 அளவுகளும் புதியவை, இழப்பும் புதிது. 8 பிக்சல் வெட்டினால் என்ன ஆகும், 16 வெட்டினால் என்ன ஆகும் என்று அவளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். நிறம் பாதி அளவில் இருப்பதால் இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்காது. அவள் கண்டதை இங்கே எழுதுங்கள்.